ஃபண்டில் லாபம், கார்டில் வளரும் பாக்கி: பத்து மாதக் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது

அவர் என் முன்னாள் அலுவலக நண்பர். ஒரு நாள் மாலை கைப்பேசியில் இரண்டு திரைகளை மாற்றி மாற்றிக் காட்டினார். ஒன்று மியூச்சுவல் ஃபண்ட் செயலி. மாதம் 10,000 வீதம் பத்து மாதம் போட்டது 1,07,800 ஆகியிருந்தது. பச்சை எழுத்தில் 7,800 லாபம். இன்னொன்று கிரெடிட் கார்டு பில். பாக்கி 2,00,000. அதற்கும் அவர் மாதம் தவறாமல் 10,000 கட்டிக்கொண்டுதான் இருந்தார்.

"ரெண்டுக்கும் சமமா போடறேன் அண்ணா. ஒண்ணு ஏறுது, இன்னொண்ணு இறங்கவே மாட்டேங்குது. ஃபண்ட நிறுத்திட்டு கார்டுல போடணுமா? ஃபண்டு இப்பதான் நல்லா போகுது."

முதலீடு 12 சதவீதம் தரும், கார்டு 36 சதவீதம் வாங்கும், அதனால் கார்டை அடை என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். பதில் சரிதான். ஆனால் அவருக்கும் அது தெரிந்தே இருந்தது. தெரிந்தும் பத்து மாதம் இரண்டு பக்கமும் போட்டிருக்கிறார் என்றால், சதவீதங்களை வெறுமனே பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் ஏதோ விடுபடுகிறது. அதனால் பத்து மாத பில்களையும் இறக்கச் சொல்லி உட்கார்ந்தோம்.

பத்து மாத பில் சொன்னது

பத்து மாதத்துக்கு முன் பாக்கி ஏறக்குறைய 1,66,000. அதன்பின் அவர் கட்டியது மொத்தம் 1,00,000. பாக்கி பாதிக்கும் கீழே போயிருக்க வேண்டும், ஆனால் 34,000 கூடியிருக்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள்.

முதல் காரணம் வட்டி. கார்டின் வட்டி மாதம் 3 சதவீதம். பத்து மாதத்தில் 54,000 வட்டியாகப் போயிருந்தது. இரண்டாவது, அவர் கார்டைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. வழக்கமான வீட்டுச் செலவில் மாதம் 8,000 கார்டில்தான் போனது. "அது 45 நாள் வட்டியில்லாம வர்றதுதானே" என்றார்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். வட்டியில்லா நாட்கள் என்பது முந்தைய பில்லை முழுசாகக் கட்டியவருக்கான சலுகை. பாக்கி ஒரு பகுதி அடுத்த மாதத்துக்கு உருண்டுவிட்டால், பெரும்பாலான கார்டுகளில் அந்தச் சலுகை போய்விடும். அதன்பின் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அவருடைய பில்லின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், இது அப்படியே எழுதியிருந்தது. அவர் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. நானும் என் முதல் கார்டில் திறந்ததில்லை என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மாதத்தை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பாக்கி 2,00,000. வட்டி 6,000 ஏறுகிறது. புதிதாக வாங்கியது 8,000 சேர்கிறது. அவர் 10,000 கட்டுகிறார். மாத முடிவில் பாக்கி 2,04,000. கட்டுகிற பணம் வட்டியையும் புதுச் செலவையும் தாண்டவே இல்லை. இந்த வேகத்தில் கட்டிக்கொண்டே இருந்தால் கடன் ஒருபோதும் அடையாது. அடுத்த மாதம் 6,120 வட்டி, அதற்கடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் கூட.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிந்தது. அவர் தன் மாத உபரி 20,000 என்று நம்பிக்கொண்டிருந்தார்: பத்து ஃபண்டுக்கு, பத்து கார்டுக்கு. ஆனால் வீட்டுச் செலவில் 8,000 கார்டில் போகிறது. அதைக் கைக்காசில் கொடுத்திருந்தால் மிஞ்சியிருப்பது 12,000 மட்டும். அப்படிப் பார்த்தால் மாதாமாதம் ஃபண்டில் போட்ட 10,000-ல் 8,000 அவருடைய சேமிப்பே இல்லை, மூன்று வட்டிக்கு வாங்கிய பணம். நேரடியாக யாராவது "கார்டில் கடன் எடுத்து பங்குச் சந்தையில் போடுகிறாயா" என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார். பணம் சம்பளக் கணக்கைச் சுற்றி வந்ததால் அது கண்ணில் படவில்லை.

எதை எதோடு ஒப்பிடுவது

7,800 லாபம் ஒரு பக்கம், 54,000 வட்டி இன்னொரு பக்கம். உடனே அவர் தலையில் கை வைத்தார். ஆனால் இந்த ஒப்பீடு சரியில்லை என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. அந்த 54,000 முழுக் கடனுக்கான வட்டி. ஃபண்டில் ஒரு காசு போடாமல் இருந்திருந்தாலும் அதில் பெரும்பகுதி வந்திருக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஃபண்டுக்குப் போன அதே 10,000 அதே நாட்களில் கார்டுக்குப் போயிருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்?

முதல் மாதம் போட்ட 10,000 ஒன்பது மாத வட்டியை நிறுத்தியிருக்கும், இரண்டாவது மாதத்துடையது எட்டு மாத வட்டியை. இப்படி வட்டிக்கு வட்டியோடு கூட்டினால் 14,600 வருகிறது. அதாவது அதே பணம் ஃபண்டில் 7,800 சம்பாதித்தது, கார்டில் 14,600 சம்பாதித்திருக்கும். வித்தியாசம் 6,800. தலையில் கை வைக்கும் அளவுக்கு இல்லாவிட்டாலும், இதுதான் நேர்மையான எண்.

இந்தப் பத்து மாதமும் சந்தை நன்றாக இருந்த காலம் என்பதை மறக்கக் கூடாது. 7,800 லாபம் பார்வைக்கு 8 சதவீதம்தான். ஆனால் பணம் ஒரே நாளில் போகவில்லை, மாதாமாதம் போயிருக்கிறது. தவணைத் தேதிகளை வைத்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 22 சதவீதம். அவ்வளவு நல்ல காலத்திலேயே ஃபண்ட் தோற்றிருக்கிறது. எல்லோரும் எதிர்பார்ப்பாகச் சொல்லும் 12 சதவீதம் மட்டும், மாதம் 1 சதவீதம் என்ற கணக்கில், வந்திருந்தால் லாபம் 4,600-ஐ ஒட்டித்தான் இருந்திருக்கும்.

36 என்று அச்சிட்டிருக்கும், 42.6 என்று வாங்கும்

பில்லில் ஆண்டு வட்டி 36 சதவீதம் என்று போட்டிருந்தது. மாதம் 3, பன்னிரண்டு மாதம், பெருக்கினால் 36. ஆனால் கட்டாத வட்டி பாக்கியில் சேர்ந்து அதற்கும் வட்டி ஓடுவதால், ஒரு வருடம் தொடாமல் விட்ட பாக்கி இப்படி வளரும்:

```
1.03^12 = 1.4258
```

அதாவது 42.6 சதவீதம். ஃபண்டு தரும் ஆண்டு வருமானத்தை எதிரே நிறுத்த வேண்டிய எண் இதுதான். ஃபண்ட் நிறுவனங்கள் காட்டும் வருமானம் ஏற்கனவே கூட்டு வட்டிக் கணக்கு. கார்டு காட்டுவது வெறும் பெருக்கல். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் கார்டு இருப்பதைவிட மலிவாகத் தெரியும். வட்டி குறைந்த இடங்களில், மாதம் 1.5 சதவீதம் வாங்கும் கார்டில்கூட இது 18-லிருந்து 19.6 ஆகிறது. அந்த அளவிலும் 12 சதவீத எதிர்பார்ப்பால் ஈடுகொடுக்க முடியாது.

இரண்டாவது வேறுபாடு, ஒன்று உறுதி, மற்றது எதிர்பார்ப்பு. கார்டில் கட்டிய ஒவ்வொரு காசும் 42.6 சதவீதத்தை நிச்சயமாகத் தடுக்கிறது. தடுத்த வட்டிக்கு வரியும் கிடையாது, ஏனென்றால் அது வருமானமே இல்லை. பங்கு ஃபண்டின் 12 சதவீதம் என்பதோ பல வருட சராசரி. உலகில் பலரும் பின்தொடரும் அமெரிக்காவின் எஸ்&பி 500 பங்குக் குறியீட்டை எடுத்துக்கொண்டால், டிவிடெண்டையும் சேர்த்து 1926 முதல் அதன் சராசரி ஆண்டுக்கு சுமார் 10 சதவீதம். 2008-ல் ஒரே வருடத்தில் ஏறக்குறைய 37 சதவீதம் விழுந்தது. மேலே போன வருடங்களும் உண்டு. ஆனால் 1958-க்குப் பிறகு ஒரு நாட்காட்டி ஆண்டில்கூட அது 42 சதவீதத்தைத் தொட்டதில்லை. நண்பரின் கார்டோ அந்த வருமானத்தை வருடா வருடம், இறக்கமே இல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தது, அவரிடமிருந்து.

இதை அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்ப எனக்குக் கிடைக்கக்கூடிய நல்ல முதலீடே இந்தக் கார்டுதானா?" கசப்பாகச் சிரித்தார். ஆமாம், பாக்கி இருக்கும்வரை.

போட்டதை எடுப்பதா

இனிமேல் ஃபண்டில் போடுவதை நிறுத்துவதில் அவருக்குத் தயக்கம் இல்லை. ஏற்கனவே உள்ள 1,07,800-ஐ எடுப்பதில்தான் தயக்கம். "லாபத்துல இருக்கும்போது எடுக்கிறதா? வரி வேற பிடிப்பாங்க."

கணக்கைப் போட்டோம். ஒரு வருடத்துக்குள் எடுத்தால் 1 சதவீத வெளியேற்றக் கட்டணம், 1,078. லாபத்தின் மேல் வரிக்காகச் சுமார் 1,400 ஒதுக்கி வைத்தோம். ஆக எடுப்பதற்கான செலவு 2,500-ஐ ஒட்டி. கையில் வருவது 1,05,300. இந்தத் தொகை கார்டில் மாதம் 3,160 வட்டியை நிறுத்தும். ஃபண்டிலேயே இருந்தால் 12 சதவீத எதிர்பார்ப்பில் மாதம் 1,050 போலச் சம்பாதிக்கும். வித்தியாசம் மாதம் 2,100. எடுக்கும் செலவு ஐந்து வாரத்தில் திரும்பிவிடுகிறது.

ஃபண்ட் நஷ்டத்தில் இருந்திருந்தால் தயக்கம் இன்னும் கூடியிருக்கும். போட்ட விலைக்கு வந்ததும் எடுக்கலாம் என்று காத்திருப்பவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். வாங்கிய விலை என்ன என்பது, வரியைத் தவிர, இந்தக் கணக்கில் எங்கேயுமே வராது. இன்று விற்றால் கிடைக்கும் தொகை மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வளருமா என்பது மட்டுமே கேள்வி. மீண்டு வரும் சந்தையும் அந்த வேகத்தில் தொடர்ந்து ஏறுவது அபூர்வம்.

இரண்டு வழிகளையும் இருபத்துநாலு மாதத்துக்கு ஓட்டிப் பார்த்தோம். இரண்டிலும் கார்டைத் தேய்ப்பது நின்றுவிட்டது, மாத உபரி உண்மையான 12,000. இரண்டிலும் முதலில் கடன், கடன் முடிந்ததும் மொத்தமும் ஃபண்டுக்கு.

ஃபண்டைத் தொடாமல் விட்டால், 2,00,000 கடன் 12,000 வீதம் அடைய 24 தவணை ஆகிறது. வட்டி மட்டும் 81,400. அதற்குள் பழைய ஃபண்ட் 12 சதவீதத்தில் வளர்ந்து, கடைசி மாத மிச்சமும் சேர்ந்து, 1,43,000 ஆகியிருக்கும்.

ஃபண்டை எடுத்துக் கட்டினால், பாக்கி அன்றே 94,700-க்கு இறங்குகிறது. பத்துத் தவணையில் முடிகிறது, பத்தாவது வெறும் 1,702. மொத்த வட்டி 15,000. பத்தாவது மாத மிச்சத்திலிருந்து தொடங்கி 12,000 வீதம் ஃபண்டில் போட்டால், இருபத்துநாலாவது மாத முடிவில் 1,91,000 இருக்கும்.

வித்தியாசம் 48,000. அதே உபரி, அதே ஃபண்ட், அதே 12 சதவீதம்தான். எது முதலில் போகிறது என்ற வரிசையை மட்டும் மாற்றியிருக்கிறோம். எடுக்கும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், ஃபண்ட் மாதம் சுமார் 2.85 சதவீதம் தந்தால்தான் இரண்டு வழியும் சமமாகும். அதற்குக் கீழே எந்த வருமானத்திலும் இரண்டாவது வழிதான் முன்னால் நிற்கும்.

நான் இந்த எண்களைக் காட்டியபோது அவர் கேட்டது நல்ல கேள்வி: "மினிமம் மட்டும் கட்டினா?" அவருடைய கார்டில் குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம். புதிதாக எதுவும் வாங்காமலே, 3 சதவீதம் ஏறி 5 சதவீதம் கட்டினால் பாக்கி மாதத்துக்கு 2.15 சதவீதம்தான் கரையும். பாக்கி குறையக் குறைய கட்ட வேண்டிய தொகையும் குறைவதால் கரையும் வேகமும் குறைந்துகொண்டே போகும். 31 மாதம் கழித்தும் 1,02,000 நிற்கும். முதல் மாதக் குறைந்தபட்சத்தை ஒட்டிய 10,000-ஐயே பிடிவாதமாக 31 மாதம் கட்டினால், அதே நாளில் பாக்கி பூஜ்யம். குறைந்தபட்சத் தொகை என்பது கடனை அடைக்க வைத்த தொகையில்லை என்பது இந்த இரண்டு எண்களில் தெரிகிறது.

தொடாமல் விட்ட இரண்டு

எல்லாவற்றையும் கார்டில் கொட்டவில்லை. இரண்டு இடங்களில் கை வைக்கவில்லை.

ஒன்று, சம்பளத்தில் பிடிக்கும் ஓய்வூதியச் சேமிப்பு. அவர் மாதம் 2,000 போட்டால் நிறுவனமும் 2,000 போடும். அவர் நிறுத்தினால் அதுவும் நிற்கும். போட்ட அன்றே பணம் இரட்டிப்பாகிறது. கார்டில் 3 சதவீத மாத வட்டியில் ஒரு தொகை இரட்டிப்பாக 23 மாதத்துக்கு மேல் ஆகும். நம் கடனோ பத்து மாதத்தில் முடியப்போகிறது. ஆக இந்த 2,000 மட்டும் கார்டை ஜெயிக்கிறது. கடன் மூன்று வருடம் இழுக்கும் என்றிருந்தால் இதையும் மறுபடி யோசித்திருப்பேன், ஏனென்றால் அந்தப் பணம் பல வருடம் பூட்டிக் கிடக்கும், கார்டின் வட்டி அதற்குள் இரட்டிப்பைத் தாண்டிவிடும்.

இன்னொன்று, வங்கி வைப்பில் இருந்த 60,000. இதில் எனக்கும் அவர் மனைவிக்கும் கருத்து வேறுபாடு. வைப்பு 7 சதவீதம் தருகிறது, மாதம் 350. அதே பணம் கார்டில் மாதம் 1,800 வட்டியை நிறுத்தும். பாதியையாவது எடுத்துக் கட்டலாம், அவசரம் என்றால் காலியான கார்டு வரம்பு இருக்கிறதே என்றேன். அவர் மனைவி ஒரே வார்த்தையில் முடித்தார்: "அது இருக்கட்டும்." இரண்டு மாதச் செலவுக்குக்கூடக் காணாத தொகை. வேலை போனால் கார்டை நம்பி இருக்க முடியாது என்பது அவர் வாதம். மாதம் 1,450 கொடுத்து வாங்கும் நிம்மதி என்று எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு விட்டுவிட்டேன்.

நாலாவது மாதம் பாக்கி 56,000-க்கு இறங்கியதும், கார்டு கொடுத்த வங்கி எதுவும் கேட்காமல் வரம்பை 2,20,000-லிருந்து 75,000-க்குக் குறைத்தது. ஒரு குறுஞ்செய்தி, அவ்வளவுதான். காலியான வரம்பு என்பது நம்முடைய பணம் இல்லை, வங்கி எப்போது வேண்டுமானாலும் சுருட்டிக்கொள்ளலாம். அவர் மனைவி சொன்னது சரி. அதை அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

15 சதவீத இ.எம்.ஐ. அழைப்பு

பெரிய தொகை கட்டிய மூன்றாம் நாள் வங்கியிலிருந்து அழைப்பு. மீதி 94,700-ஐ இ.எம்.ஐ.யாக மாற்றித் தருகிறோம், 15 சதவீதம்தான், 12 மாதம். 36 எங்கே, 15 எங்கே. நண்பர் கிட்டத்தட்ட சரி சொல்லிவிட்டார்.

அது ஃபிளாட் வட்டி. அதாவது, அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டியை முதல் நாள் தொகைக்கே கடைசி வரை போடுவார்கள். 94,700-க்கு 15 சதவீதம் 14,205. பரிசீலனைக் கட்டணம் 1 சதவீதம், 947. மொத்தச் செலவு 15,150. அவர் 12,000 வீதம் கார்டிலேயே கட்டினால் மொத்த வட்டி 15,000. பாதிக்கும் குறைவான வட்டி என்று சொன்ன திட்டத்தில் போகும் காசு அதேதான்.

ஃபிளாட் கணக்கில் 15 என்பது குறையும் பாக்கிக்கு மாதம் 2.2 சதவீதத்துக்குச் சமம். அது 3-ஐவிடக் குறைவுதான். ஆனால் பத்து மாதத்தில் முடியும் கடனைப் பன்னிரண்டு மாதத்துக்கு இழுக்கிறார்கள், கட்டணமும் வாங்குகிறார்கள். மாதத் தவணை 9,075 என்பதால் கையில் மாதம் 2,900 மிஞ்சும் என்பது மட்டும் இதில் உள்ள நன்மை. அந்த 2,900 எங்கே போகும் என்று அவரைக் கேட்டேன். பதில் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

குறையும் பாக்கிக்கு உண்மையிலேயே 14 சதவீதத்தில் தனிநபர் கடன் கிடைத்திருந்தால் கதை வேறு. அதே 12,000 கட்டினால் ஒன்பது தவணைக்குள் முடிந்து, வட்டி 5,200 அளவில் நின்றிருக்கும். கேட்டுப் பார்த்தார். பல மாதமாகக் கார்டு வரம்பில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு நிரம்பியே இருந்ததால் அவருடைய கடன் மதிப்பெண் சரிந்திருந்தது, கிடைக்கவில்லை. இந்த வசதியை உண்மையில் பயன்படுத்திக்கொள்ளக் கூடியவர் பாக்கி ஏறத் தொடங்கும்போதே கேட்பவர். கழுத்துவரை வந்தபின் கேட்பவருக்குக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அப்படி ஒரு கடன் கிடைத்து, அதன் வட்டி 9 சதவீதம் போல இருந்திருந்தால், அடைப்பதா முதலீடா என்பது உண்மையிலேயே விவாதிக்கத் தக்க கேள்வியாகியிருக்கும். 9 உறுதி, 12 எதிர்பார்ப்பு. வருடம் எத்தனை, நடுவில் விழுந்தால் தாங்குவாரா, வரி எவ்வளவு என்று மனிதருக்கு மனிதர் பதில் மாறும். கார்டு வட்டி அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை.

பத்தாவது பில்லும் அதற்கடுத்த பில்லும்

நடைமுறையில் கடினமாக இருந்தது 8,000 வீட்டுச் செலவைக் கைக்காசுக்கு மாற்றுவது. முதல் இரண்டு மாதம் கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனார். கடைச் செயலிகளில் சேமித்து வைத்த கார்டு எண்ணை நீக்க மறந்ததால் மூன்றாவது மாதம் ஒரு சந்தா தானாகப் பிடித்துக்கொண்டது. சின்னத் தொகைதான், அந்த மாதமே சேர்த்துக் கட்டிவிட்டார். பில்லில் எதைப் பார்ப்பது என்பதையும் ஒன்றாகச் சுருக்கிக்கொண்டோம். மொத்த பாக்கியைப் பார்த்தால் குழப்பம் வரும். "வட்டிக் கட்டணம்" என்ற ஒரே வரி மாதாமாதம் குறைகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். 2,841, 2,566, 2,283 என்று இறங்கியது. சந்தா பிடித்த மாதமும் இறங்கத்தான் செய்தது.

ஒன்பது மாதமும் பில் வந்த அன்றே கட்டினார். பத்தாவது பில் 1,702. சின்னத் தொகைதானே என்று கெடு தேதிவரை விட்டு, பில் வந்து 17 நாள் கழித்துக் கட்டினார். கார்டு முடிந்தது என்று எனக்குப் படம் அனுப்பினார், அந்த மாத மிச்சத்தை ஃபண்டில் போட்ட ரசீதையும்.

அடுத்த மாதம் அழைத்தார். குரலில் கோபம். "முழுசா கட்டிட்டேன் அண்ணா. ஒண்ணுமே வாங்கல. 29 வட்டின்னு போட்டிருக்கான்."

பில் தேதிக்கும் அவர் கட்டிய தேதிக்கும் இடையே 17 நாள். பாக்கி உருண்டுகொண்டிருந்த கார்டுக்கு அந்த நாட்களுக்கும் வட்டி உண்டு, ஆனால் அந்த பில் அச்சாகும்போது அந்த நாட்கள் இன்னும் வந்திருக்கவில்லை. அதனால் அது அடுத்த பில்லில்தான் வரும். 1,702-க்கு மாதம் 3 சதவீதம், 17 நாளுக்கு, 29. இதைக் கட்டாமல் விட்டால் இதற்கும் வட்டி ஓடும்.

"கட்டிடறேன்" என்றார். "இத கட்டினா அதுக்கு ஒரு வட்டி வருமா?"

"இன்னிக்கே கட்டுங்க, வராது."

அன்றே கட்டினார். அதற்கடுத்த பில்லில் எல்லா வரியிலும் பூஜ்யம்.